திருத்த உறுதி இலக்கம் 3907

முற்பதிவு: பதுளை காணிப் பதிவகம், தொகுதி 41, பக்கம் 126

இதனைக் காணும் யாவருக்கும் அறியத்தருவதாவது:

ஹாலிஎலவில் வசிக்கும் தங்கவேலு சிவநாயகமாகிய நான் (இனி "விற்றவர்"), 2021 மார்ச் 12ஆந் திகதிய 3418ஆம் இலக்க அறுதி உறுதியால், கீழ் அட்டவணையிற் கண்ட காணியை ரூபா 1,850,000க்கு சுப்பிரமணியம் ரவீந்திரனுக்கும் அவர் மனைவிக்கும் (இனி "வாங்கியோர்") விற்று, உடைமையும் ஒப்படைத்தேன்.

அவ்வுறுதியில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது, எல்லை. 1127ஆம் இலக்க வரைபடத்தில் வடக்கு அம்புக்குறி தாளின் மேற்பக்கம் நோக்காமல் வலப்பக்கம் நோக்கியிருக்கிறது. அதைக் கவனியாது தாளின் மேற்பக்கமே வடக்கெனக் கொண்டதால் நான்கு எல்லைகளும் ஒரு திசை பிசகின: வடக்கில் லொட் 1, கிழக்கில் லொட் 2, தெற்கில் லொட் 6 எனும் பாதை, மேற்கில் ஓடை என எழுதப்பட்டன. நிலத்தில் பாதை கிழக்கே உள்ளது. தெற்கே உள்ளது ஓடை.

இரண்டாவது, பெயர். இரண்டாம் வாங்கியவர் வீட்டில் அழைக்கப்படும் "பெருமாள் ஈஸ்வரி" என்ற பெயரால் எழுதப்பட்டார். தேசிய அடையாள அட்டையிலும் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களிலும் அவர் பெயர் "பெருமாள் லோகேஸ்வரி". இருவரும் ஒருவரே.

ஆகவே விற்றவரும் வாங்கியோரும் இணங்கி, மேற்படி உறுதியில் "பெருமாள் ஈஸ்வரி" என வரும் இடமெல்லாம் "பெருமாள் லோகேஸ்வரி" எனவும், அதன் எல்லைகள் கீழ்க்காணும் அட்டவணைப்படியும் வாசிக்கப்பட வேண்டுமெனத் திருத்துகின்றோம். பரப்பு, லொட் இலக்கம், விலை எதுவும் மாறவில்லை. இதற்காகப் புதிதாகப் பணம் கைமாறவில்லை. புதிதாக எந்நிலமும் உரிமை மாறவுமில்லை. மற்றெல்லா வாசகங்களும் முன்போலவே வலுவிலிருக்கும். அவ்வுறுதிக்குப் பின் காணியை ஈடு வைக்கவோ வேறெவருக்கும் கைமாற்றவோ இல்லையென வாங்கியோர் உறுதி கூறுகின்றனர். இது எங்களையும் எங்கள் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.

அட்டவணை

ஊவா மாகாணம், பதுளை மாவட்டம், ஹாலிஎல பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள "கொஸ்கஹவத்தை" எனும் காணியில், அனுமதி பெற்ற நில அளவையாளர் ஆ. தேவராஜா 2016 ஒக்டோபர் 8இல் வரைந்த 1127ஆம் இலக்க வரைபடத்தின் லொட் 3.

எல்லை: வடக்கு லொட் 2, கிழக்கு லொட் 6 (10 அடி அகலப் பாதை), தெற்கு ஓடை, மேற்கு லொட் 1.

பரப்பு: ஏக்கர் 0, ரூட் 0, பேர்ச்சஸ் 12.50. இதனுள் அடங்கிய மரஞ்செடிகளும், லொட் 6இல் நடக்கவும் வாகனம் செலுத்தவுமான உரிமையும் சேர்த்து.

2024 பெப்ரவரி 19ஆந் திகதி பதுளையில் இதற்கும், இதே வாசகமுள்ள வேறு இரு பிரதிகளுக்கும் கையொப்பமிட்டோம்.

ஒப்பம்: த. சிவநாயகம்
ஒப்பம்: சு. ரவீந்திரன்
ஒப்பம்: பெ. லோகேஸ்வரி

சாட்சிகள்: மு. யோகராசா, செ. புஷ்பராணி

அத்தாட்சி

பதுளை, பிரசித்த நொத்தாரிசு க. மகேந்திரராஜாவாகிய நான், இவ்வுறுதியை மேற்படி மூவருக்கும் தமிழில் வாசித்து விளக்கினேன். அவர்களும், அவர்களை அறிந்த, எனக்கும் அறிமுகமான இரு சாட்சிகளும், நானும், ஒருவர் முன்னிலையில் ஒருவராக, ஒரே வேளையில் ஒப்பமிட்டோம். 3418ஆம் உறுதியின் மூலப்பிரதியையும் வரைபடத்தையும் அடையாள அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். என் முன்னிலையில் பணம் எதுவும் கைமாறவில்லை. வாசிக்குமுன், இவ்வுறுதியின் மூலப்பிரதியில் 2ஆம் பக்கம் 4ஆம் வரியில் "மேற்கு" வெட்டப்பட்டு "தெற்கு" என எழுதப்பட்டது.

க. மகேந்திரராஜா
பிரசித்த நொத்தாரிசு
2024 பெப்ரவரி 19