வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகள்: பட்டியல் விவரணை, பெட்டி 4 (புதுச்சேரி – கடலூர்)

பெட்டியில் மூன்று பதிவுகள் உள்ளன. பேசியவர்களின் பெயர்கள் ஒப்புதல் படிவத்தோடு தனிக் கோப்பில் இருக்கின்றன, பட்டியலில் வராது. காலங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். பேசியவர் சொன்னது மேற்கோள் குறியில் இருக்கும். நாங்கள் கணக்கிட்டோ சரிபார்த்தோ போட்டதற்கு முன்னால் "பட்டியலர்:" என்று வரும். பேசியவரின் வாயில் நம் ஆண்டைத் திணிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

PDY-OH-04-01
தலைப்பு: ரோடியர் மில் தறிக்கூடத் தொழிலாளியின் நினைவுகள்
பதிவு: 14 ஆகஸ்ட் 2022, முதலியார்பேட்டை, பேசியவரின் வீட்டுத் திண்ணை
அளவு: 1 மணி 52 நிமிடம், WAV, 48 kHz, 24 பிட்
மொழி: தமிழ். மில் வழக்கில் பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்கள் கலந்து வருகின்றன.
பேசியவர்: ஆண், ஓய்வுபெற்ற நெசவுத் தொழிலாளி. பிறந்தது 1954 என்கிறார்.

உள்ளடக்கம்: மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே தெரு முழுக்க அடுப்பு மூட்டிய காலத்திலிருந்து தொடங்குகிறார் (00:03:10). முதலில் பதிலியாகச் சேர்ந்தார். காலையில் கேட்டில் நின்று, ஆள் குறைந்தால்தான் வேலை, இல்லையென்றால் திரும்பி நடை. நிரந்தரமானதும் நான்கு தறி பார்த்தார். 00:22:40இல், ஓடும் தறியில் நாடா போய் வரும் ஓசையை மேசையில் தட்டிக் காட்டுகிறார். ஏறக்குறைய ஒரு நிமிடம் நீள்கிறது. ஒலியைச் சுத்தம் செய்பவர்கள் இதை இரைச்சல் என்று நீக்கிவிட வேண்டாம். பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

00:41:00 முதல், வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது நடந்த 1936 துப்பாக்கிச்சூடு. அப்போது இவர் பிறக்கவில்லை. சவானா மில்லில் வேலை பார்த்த தந்தையிடம் கேட்டதைச் சொல்கிறார். பொருள் தலைப்பில் "கேட்டறிந்தது" என்று குறித்திருப்பது அதனால்தான். நேரடிச் சாட்சியம் தேடி வருபவர் இதை எடுத்துவிடக் கூடாது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா, எட்டு மணி நேர வேலை ஆணை ஆகியவையும் இந்தப் பகுதியில் வருகின்றன. "ஆசியாவுலயே மொதல்ல இங்கதான்" என்பது பேசியவரின் கூற்று, பட்டியலின் கூற்று அல்ல.

01:20:15 முதல் தானே புயல்: கூரை போன தறிக்கூடம், லே-ஆஃப், மில் மூடல். சொல்லும்போது குரல் தாழ்கிறது. தொழிற்சங்கத்துக்குள் இருந்த பிணக்கு பற்றிய பேச்சு 01:34:00–01:39:30.

குறிப்பிடப்படும் காலங்கள்:
"வெள்ளிக்கிழமை, ஆடிப்பெருக்குக்கு மூணு நாலு நாள் இருந்துச்சு" (துப்பாக்கிச்சூடு). பட்டியலர்: 30 ஜூலை 1936, வியாழக்கிழமை, பன்னிரண்டு பேர் இறந்தனர். கிழமை பிசகினாலும் ஆடிப்பெருக்குக் கணக்கு சரியாக நிற்கிறது. ஆடி 18 அந்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தது.
"எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம்" (பதிலியாகச் சேர்ந்தது). பட்டியலர்: 1977.
"எம்.ஜி.ஆர். செத்த அந்தத் தையில" (திருமணம்). பட்டியலர்: எம்.ஜி.ஆர். மறைந்தது 24 டிசம்பர் 1987. ஆக, 1988 ஜனவரி – பிப்ரவரி.
"தானே அடிச்ச அன்னிக்கு". பட்டியலர்: 30 டிசம்பர் 2011.

பொருள் தலைப்புகள்: துணி ஆலைகள் – புதுச்சேரி, பதிலித் தொழிலாளர், நெசவு – வேலை முறை, வேலைநிறுத்தம், 1936 – கேட்டறிந்தது, எட்டு மணி நேர வேலை, தானே புயல், ஆலை மூடல்.
அணுகல்: வாசிப்பறையில் யாரும் கேட்கலாம். 01:34:00–01:39:30 பகுதியில் உயிரோடிருப்பவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவதால் கேட்பு நகலில் நீக்கப்பட்டுள்ளது. ஆய்வுக்குத் தேவையென எழுத்தில் கேட்டால் மூலத்திலிருந்து அந்தப் பகுதியைக் கேட்பதற்கு மட்டும் தருவோம். மேற்கோள் காட்டலாம், ஒலியை வெளியிட முடியாது.

CDL-OH-04-02
தலைப்பு: தேவனாம்பட்டினம் மீன் வியாபாரிப் பெண்ணின் நினைவுகள்
பதிவு: 9 மார்ச் 2023, கடலூர், 1 மணி 8 நிமிடம். பின்னணியில் அலையோசை, 00:12:00இல் ஒரு பைபர் படகு இன்ஜின்.
மொழி: தமிழ், கடலோர வழக்கு
பேசியவர்: பெண். வயது "அறுவது ஆவுதோ என்னவோ".

உள்ளடக்கம்: கூடை சுமந்து நடந்து விற்ற காலம், பிறகு ஷேர் ஆட்டோ. நெத்திலியும் சங்கராவும் எந்த மாதம் என்ன விலை போகும் என்ற கணக்கு. கட்டுமரம் போய் பைபர் வந்தபோது வீட்டுச் செலவு எப்படி மாறியது என்பதை விரிவாகச் சொல்கிறார் (00:17:30). மீனவர் பொருளாதாரம் தேடுபவர் சுனாமியைத் தாண்டி இங்கே வர வேண்டும். வழக்கமாக யாரும் வருவதில்லை. 00:24:00 முதல் சுனாமி: "ஞாயித்துக்கெழம, கறிக்கடைல கூட்டம், தண்ணி கருப்பா வந்துச்சு." தொடர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது, ஊர்ப் பஞ்சாயத்தார் நிவாரணம் பிரித்தது.

குறிப்பிடப்படும் காலங்கள்:
"சுனாமி ரெண்டாயிரத்தி அஞ்சு" என்று இருமுறை சொல்கிறார். பட்டியலர்: 26 டிசம்பர் 2004, ஞாயிறு, மார்கழிப் பௌர்ணமி. தற்காலிகக் கொட்டகையில் இருந்தது அடுத்த ஆண்டு, குழப்பம் அதனால் இருக்கலாம். சுருக்கத்தில் திருத்தினோம், எழுத்துப் படியில் அவர் சொன்னது சொன்னபடியே.
"தீவாளிக்கு மொத நாள் வந்த வெள்ளம்". பட்டியலர்: 9 நவம்பர் 2015.
"தானே". பட்டியலர்: 30 டிசம்பர் 2011.

பொருள் தலைப்புகள்: மீன் விற்பனை – பெண்கள், கடலோரச் சமூகங்கள் – கடலூர், கட்டுமரம், ஆழிப்பேரலை, 2004, நிவாரணப் பங்கீடு, வெள்ளம், 2015.
அணுகல்: 00:31:10–00:38:45 மூடப்பட்டுள்ளது. இறந்துபோன குழந்தை பற்றிப் பேசியபின், "அத யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க தம்பி" என்று பதிவிலேயே சொல்லிவிட்டார். அவர் வாழ்நாள் முழுவதும் திறக்கப்படாது. பிறகு குடும்பத்தாரைக் கேட்டே முடிவு. அந்தப் பகுதியின் எழுத்துப் படியும் வாசிப்பறைக்கு வராது. மற்ற பகுதிகளை வாசிப்பறையில் கேட்கலாம், பதிவிறக்க இயலாது. படிவத்தில் கைநாட்டுதான் உள்ளது. அவருக்குப் படித்துக் காட்டியதற்கான சாட்சிக் கையெழுத்து பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு "ஒப்புதல் இல்லை" என்று யாரும் மறுபடி குறிக்க வேண்டாம்.

PDY-OH-04-03
தலைப்பு: பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ஓய்வூதியரின் பேச்சு
பதிவு: கேசட், பதிவு நாள் உறையில் இல்லை, புதுச்சேரி. இரு பக்கமும் சேர்த்து 47 நிமிடம். பி பக்கத்தில் ரீங்காரம், கடைசிப் பகுதி கேட்கவில்லை.
மொழி: தமிழ், இடையிடையே பிரெஞ்சு

உள்ளடக்கம்: இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்தது, சைகோன் கடைவீதி, ஊர் திரும்பியபின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று வீட்டில் நடந்த வாக்குவாதம். மனைவி பக்கத்திலிருந்து திருத்துகிறார். அவர் குரலையும் எழுத்துப் படியில் சேர்க்க வேண்டும்.

குறிப்பிடப்படும் காலங்கள்:
"தியன் பியன் பூ விழுந்தப்ப". பட்டியலர்: இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படை தோற்ற மே 1954.
"ஆறு மாசக் கெடு". பட்டியலர்: புதுச்சேரியை இந்தியாவோடு இணைத்த ஒப்பந்தம் 16 ஆகஸ்ட் 1962இல் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமையைத் தெரிவுசெய்யக் கிடைத்த அவகாசம்.

பொருள் தலைப்புகள்: பிரெஞ்சுப் படையில் புதுச்சேரியர், இந்தோசீனா, குடியுரிமைத் தெரிவு, 1962.
அணுகல்: பேசியவர் காலமாகிவிட்டார், அவர் தந்த ஒப்புதல் எதுவும் இல்லை. கேசட்டைக் கொடுத்த மகள் கேட்க மட்டும் அனுமதித்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளின் சம்மதம் வரும்வரை நகல் கிடையாது, மேற்கோளும் கிடையாது.