ஆண்டு விழாத் திட்டம்: 212 பேருக்கும் ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இன்றிலிருந்து ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் ஆண்டு விழா. தலைமை ஆசிரியர் ஒப்புதல் தந்த திட்டத்தை இங்கே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் முழுக்கப் படித்துவிட்டு வகுப்பில் பேசுங்கள்.

போன வருட நிகழ்ச்சித் தாளை எடுத்து, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 61 பிள்ளைகளின் பெயர் எதிலுமே இல்லை. அதே தாளில் 14 பேர் மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் வந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஒத்திகைக்கு நேரம் குறைவு என்பதால், யாருக்கு ஏற்கனவே நன்றாக வருமோ அவர்களையே கூப்பிட்டோம். மற்றவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து 'படித்துக்கொண்டு' இருந்தார்கள். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது.

எல்லாரையும் மேடையில் ஏற்றிவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில் நாற்பது பேரோடு நின்று கையை ஆட்டிவிட்டு இறங்கும் குழந்தையை அம்மா அப்பாவால் கண்டுபிடிக்கக்கூட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத் தெரிகிற ஒரு கணம் வேண்டும்: ஒரு வரி வசனம், வரிசைக்கு முன்னால் வந்து ஆடும் எட்டு தாளம், அல்லது முழு நிகழ்ச்சியும் தன் கையை நம்பி நடக்கிற ஒரு வேலை. அதுவும் அந்தப் பிள்ளையே விரும்பிக் கேட்டதாக இருக்க வேண்டும்.

பங்கு எப்படிக் கிடைக்கும்

முதல் வாரம் எல்லாருக்கும் விருப்ப அட்டை தருகிறோம். மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதலாம்: பேசுவது, பாடுவது, ஆடுவது, நடிப்பது, வாசிப்பது, தொகுத்து வழங்குவது, மேடைக்குப் பின்னால் வேலை செய்வது. அட்டையின் கீழே ஒரு கேள்வி இருக்கும்: "எதைச் செய்யச் சொன்னால் உனக்குக் கஷ்டமாக இருக்கும்?" இதற்கு வரும் பதிலை வகுப்பாசிரியரும் நானும் மட்டும்தான் படிப்போம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீங்களே தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விதி ஒன்றுதான். எல்லாருக்கும் முதல் பங்கு கிடைக்கும் வரை யாருக்கும் இரண்டாவது பங்கு கிடையாது. நன்றாக ஆடுகிற பிள்ளையாக இருந்தாலும், நம்மில் ஒருவரின் பிள்ளையாக இருந்தாலும் இதே விதிதான். ஒரே பங்கைப் பலர் முதல் விருப்பமாக எழுதியிருந்தால், அவர்கள் முன்னாலேயே சீட்டுக் குலுக்குங்கள். போன வருடம் வாய்ப்பே கிடைக்காத பிள்ளையின் பெயரை இரண்டு சீட்டில் எழுதிப் போடுங்கள். ஏன் இரண்டு என்று வகுப்பில் சொல்லிவிட்டே போடுங்கள். நியாயம் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை பட்டியலை ஒட்டுகிறோம். மாற்றம் கேட்க மூன்று நாள் அவகாசம். அதன்பிறகு பட்டியல் மாறாது. ஒத்திகையில் தடுமாறுகிறார் என்பதற்காகப் பங்கை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம்; வசனத்தைச் சுருக்கித் தருவோம், கூட நின்று சொல்லித் தருவோம்.

வகுப்பு நிகழ்ச்சிகள்

வகுப்புக்கு எட்டு நிமிடம். நம் மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். அதில் 28 பேர் ஒரே சமயத்தில் கை வீசி ஆட முடியாது. அதனால் ஒவ்வொரு வகுப்பும் குழுவாகப் பிரிந்து வந்து போகும்படி அமைத்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு (24 பேர்): அபிநயப் பாட்டு. நான்கு பேருக்கு ஒரு விலங்கு.
இரண்டாம் வகுப்பு (25): மழை நடனம்.
மூன்றாம் வகுப்பு (27): சேர்ந்து சொல்லும் கவிதை. ஆளுக்கொரு வரி தனி, மற்றது எல்லாரும் சேர்ந்து.
நான்காம் வகுப்பு (28): காணாமல் போன பள்ளி மணியைத் தேடும் நாடகம்.
ஐந்தாம் வகுப்பு (26): குழு நடனம்.
ஆறாம் வகுப்பு (30): மைம், பின்னணியில் கதை சொல்வோர்.
ஏழாம் வகுப்பு (27): வாளி, தட்டு, மூங்கில் குச்சிகளில் தாள இசை.
எட்டாம் வகுப்பு (25): நகைச்சுவை நாடகம்.

நாடகத்தில் 'கதாநாயகன் யார்' என்ற சண்டை வராமலிருக்க ஒரு வழி செய்திருக்கிறோம். நான்காம் வகுப்பு நாடகத்தில் மணி அடிப்பவர் வேடத்தை நான்கு காட்சிகளில் நான்கு பேர் செய்வார்கள். நீலத் தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் மணி அடிப்பவர். காட்சி முடிந்ததும் தொப்பி அடுத்தவரிடம் போகும். பார்ப்பவர்களுக்குக் குழப்பமே இருக்காது. நடனங்களில் பாட்டின் பாதியில் பின்வரிசை முன்னால் வர வேண்டும். இதை முதல் நாளிலிருந்தே சொல்லிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் சேர்த்தால் மோதிக்கொள்வார்கள்.

திக்கிப் பேசும் பிள்ளை ஒருவர் மூன்றாம் வகுப்பில் இருக்கிறார். திக்குவாய் உள்ள பலருக்கு, மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வகுப்புக்குக் கவிதையைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். தனி வரியைத் தோழரோடு சேர்ந்து சொல்லலாம், தனியாகவும் சொல்லலாம்; அவர் விருப்பம். தனியாகச் சொன்னால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். யாரும் முந்திக்கொண்டு முடித்துவைக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை நடனத்தைத்தான் முதல் விருப்பமாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நடனத்தை முதலில் அமைத்துவிட்டு அவருக்கு ஓரமாக இடம் தேட வேண்டாம். நாற்காலி சுழல்வதையே நடுவில் வைத்து மற்ற அசைவுகளை அமைப்போம். மேடைக்குச் சாய்தளம் முதல் மேடை ஒத்திகைக்கே தயாராக இருக்கும். விழா அன்று மட்டும் நாலு பேர் தூக்கி ஏற்றுவதை அவர் விரும்பவில்லை.

மின்னி மின்னி எரியும் விளக்குகள் இந்த முறை வேண்டாம். விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். பார்வையாளர்களில் யாருக்கு அந்தப் பிரச்சினை இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

மேடைக்குப் பின்னால்

திரை 2, விளக்கு 2, மைக் 4, மேடைப் பொருள்கள் 8, குழுக்களை வரிசைப்படுத்த 8, வசனம் எடுத்துக்கொடுக்க 3, பார்வையாளரை அமர்த்த 10, அழைப்பிதழ் வரைய 6. மொத்தம் 43 பேர். இதைக் கேட்டு வாங்குபவர்களுக்கு இது முழுப் பங்கு. மேடை பிடிக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அதே சமயம் "உனக்கு மேடை வராது, நீ திரையைப் பிடி" என்று யாரையும் இங்கே அனுப்பவும் வேண்டாம். நிகழ்ச்சித் தாளில் இவர்கள் பெயரும் அதே எழுத்தளவில் வரும். நிறைவுப் பாட்டில் எல்லாரும் மேடையிலும் மேடைக்கு முன்னாலும் நிற்போம்.

ஒத்திகை

மூன்றாம், நான்காம் வாரங்களில் வகுப்புக்கு வாரம் இரண்டு ஒத்திகை. ஒன்று வகுப்பறையில், ஒன்று மேடையில். மேடைக்குக் கடைசி பாடவேளையின் 40 நிமிடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். திங்கள் 1, 2. செவ்வாய் 3, 4. புதன் 5, 6. வியாழன் 7, 8 வகுப்புகள். வெள்ளிக்கிழமை, விடுப்பில் இருந்தவர்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும். வகுப்பறை ஒத்திகைக்கு வாரம் ஒரு பாடவேளையை மாற்றி மாற்றி எடுங்கள். விளையாட்டு வேளையை மட்டும் தொட வேண்டாம்.

ஒரேயடியாக இரண்டு மணி நேரம் ஆட வைப்பதைவிட, இருபது நிமிடங்களாகப் பல நாள் செய்தால்தான் மனதில் நிற்கிறது. பள்ளி முடிந்தபின் யாரையும் நிறுத்திவைக்கப் போவதில்லை. வாகனத்தில் போகும் பிள்ளைகள் அப்படித்தான் போன முறை விடுபட்டார்கள்.

வசனம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் இணை இருப்பார். இணைக்கும் சொந்தப் பங்கு உண்டு. கூடவே தோழரின் வரிகளையும் தெரிந்து வைத்திருப்பார். காய்ச்சலில் யாராவது வர முடியாமல் போனால் அவர் கைகொடுப்பார்.

ஐந்தாம் வாரம் புதனும் வெள்ளியும் பாதிப் பாதி நிகழ்ச்சியைக் கோத்துப் பார்ப்போம். ஆறாம் வாரம் செவ்வாய் உடையோடு முழு ஒத்திகை, கையில் கடிகாரத்தோடு. புதன் ஓய்வு. வியாழன் அரைமணி நேரம் மேடை ஏறுவதும் இறங்குவதும் மட்டும். அன்று யாரையும் திருத்த வேண்டாம். புதிதாக எதையும் சேர்க்கவும் வேண்டாம்.

விழா நேரம்

தொடக்கப் பாடல் 5 நிமிடம், வரவேற்பு 3, ஆண்டறிக்கை 10, எட்டு வகுப்புகளுக்கும் இடைவெளியோடு 80, சிறப்பு விருந்தினர் உரை 10, பரிசு 15, நன்றி 2, நிறைவுப் பாட்டு 5. மொத்தம் 130 நிமிடம், 7.10க்கு முடியும். சின்னப் பிள்ளைகள் முதலில் ஆடி முடித்துவிடட்டும், தூக்கம் வரும் முன். பாடப் பரிசுகளை முந்தைய வாரக் காலைக் கூட்டத்தில் கொடுத்துவிடுகிறோம். போன வருடம் பரிசு மட்டும் 45 நிமிடம் போனது, நினைவிருக்கும்.

முன் இரண்டு வரிசை யாருக்கும் நிரந்தரம் இல்லை. எந்த வகுப்பு மேடையில் இருக்கிறதோ அந்த வகுப்பின் பெற்றோர் வந்து உட்காருவார்கள். எழுந்து நின்று படம் எடுத்துப் பின்னால் இருப்பவர்களை மறைப்பதும் இதனால் குறையும்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதம்

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த ஒரு பங்கை ஏற்கிறார். இதற்காகப் பணம் எதுவும் வாங்குவதில்லை. உடை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம். பள்ளிச் சீருடை போதும், மேலே அணியும் வண்ணத் துணியும் தொப்பியும் பள்ளியே தரும். ஒப்பனை கட்டாயம் இல்லை. ஒத்திகை எல்லாம் பள்ளி நேரத்திலேயே நடக்கும். உங்கள் பிள்ளைக்கு அதிகச் சத்தம், கூட்டம், உடல்நிலை போன்ற காரணத்தால் ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் படத்தைப் பள்ளி வெளியிடச் சம்மதமா இல்லையா என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். சம்மதம் இல்லை என்றாலும் பங்கு மாறாது."

விழாவுக்கு அடுத்த திங்கள் அரைமணி நேரம் உட்காருவோம். பெயர்ப் பட்டியலில் யாருடைய கணம் சரியாக அமையவில்லை, யாருடைய மைக் வேலை செய்யவில்லை, யார் காய்ச்சலில் வரவில்லை என்று குறித்துக்கொள்வோம். அடுத்த வருடச் சீட்டில் இரண்டு முறை வர வேண்டிய பெயர்கள் அவை. நடுவில் வரும் காலைக் கூட்டங்களிலேயே அவர்களுக்கு இடம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

விருப்ப அட்டைகள் ஆசிரியர் அறையில், என் மேசையின் இடது ஓரத்தில் வகுப்பு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் 212 அட்டைகளும் திரும்பி வர வேண்டும். விடுப்பில் இருக்கும் பிள்ளைகளை வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு நீங்களே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆண்டு விழாப் பொறுப்பாசிரியர்