பொருள்: 31.03.2023 யூரோ மாற்று விகிதத் திருத்தமும் மொத்தத் தொகைகளில் வந்த மாற்றமும்

நிதிப் பிரிவினருக்கு வணக்கம்.

FX_Mar2023.xlsx கோப்பில் வெளிநாட்டு வாடிக்கையாளர் நிலுவை நேற்று வரை ரூ.4,83,22,575.32 என்று இருந்தது; இன்று காலை முதல் ரூ.4,69,88,775.32 என்று காட்டுகிறது. பில் எதுவும் நீக்கப்படவில்லை, புதிய வரவு எதுவும் பதியப்படவில்லை. குறைந்துள்ள ரூ.13,33,800 முழுவதும் யூரோ விகிதத்தைத் திருத்தியதால் வந்ததே.

Rates தாளின் C5 கட்டத்தில் யூரோவின் மதிப்பு 98.6076 என்று பதிவாகியிருந்தது. 31.03.2023 அன்று எஃப்.பி.ஐ.எல். வெளியிட்ட குறிப்பு விகிதம் 89.6076. முதல் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதில் ஒரு யூரோவுக்குச் சரியாக 9 ரூபாய் கூடிவிட்டது. வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டபோது வந்த வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டதால்தான் இலக்கம் புரண்டிருக்குமோ என்று தேடத் தோன்றியது. பேரேட்டுக் காலத்துச் சோதனை எக்செல்லுக்கும் உதவுகிறது. டாலர் விகிதம் 82.2169 சரியாகவே உள்ளது.

யூரோ பில்களின் ரூபாய் மதிப்பு எல்லா வரிகளிலும் அந்த ஒரே கட்டத்திலிருந்து வருகிறது:

```
=D14*Rates!$C$5
```

அதனால் 1,48,200 யூரோ வரவேண்டிய நிலுவையில் ரூ.13,33,800-உம், இயந்திர உதிரிபாகங்களுக்காக நாம் தரவேண்டிய 16,400 யூரோவில் ரூ.1,47,600-உம் குறைந்துள்ளன. இரண்டையும் நேர்செய்தால் இலாப நட்டக் கணக்கில் ரூ.11,86,200 பாதிப்பு. இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ரூ.9,42,310 என்று காட்டிய நிகர மாற்று இலாபம் இப்போது ரூ.2,43,890 நட்டமாகியிருக்கிறது என்பதே. தொகை குறைந்தால் ஒரு வரி விளக்கம் போதும். இலாபம் நட்டமாக மாறினால் தணிக்கையாளர் நிச்சயம் காரணம் கேட்பார் என்பதால், எஃப்.பி.ஐ.எல். பக்கத்தின் அச்சுப்படியையும் பழைய, புதிய தொகைகளை வரிவாரியாக ஒப்பிடும் தாளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

விற்பனைத் தொகை மாறவில்லை; அது அந்தந்த நாளின் விகிதத்தில் பதிவானது, மாத இறுதி விகிதத்தைத் தொடுவதில்லை. ஷிப்பிங் பில்லில் உள்ள மதிப்பு சுங்கத்துறை அறிவிக்கும் விகிதப்படி என்பதால் ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டாலரில் உள்ள பேக்கிங் கிரெடிட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய விகிதத்தில் போடப்பட்ட மறுமதிப்பீட்டு ஜர்னலை எதிர்ப்பதிவு செய்துவிட்டு, இணைப்பில் உள்ள புதிய தொகையைப் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன். வங்கிக்குத் தரவேண்டிய மார்ச் மாத வரவு நிலுவைப் பட்டியல் பழைய கோப்பிலிருந்து தயாரானது. இன்னும் அனுப்பவில்லையென்றால் நிறுத்திவையுங்கள், அனுப்பியிருந்தால் திருத்திய பட்டியலை இன்று மாலைக்குள் நான் தருகிறேன். Rates தாளை இப்போதைக்குப் பூட்டி வைத்திருக்கிறேன். விகிதம் மாற்ற வேண்டியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முதுநிலைக் கணக்கர்
ஏற்றுமதிக் கணக்குப் பிரிவு, திருப்பூர்