செக்குமாட்டுக் கண்ணி

காப்பு

தேங்காயும் உடையேன், தோப்புக் கரணம் இடேன்,
பாங்காய் அறுகம்புல் பறித்துப் போடேன்;
மூலத்து நாலிதழில் முடங்கி இருப்பவனே,
வாலைச் சுருட்டியவள் விழிக்கக் காப்பு.

நூல்

சுற்றினால் மோட்சம் என்று சொன்னாரே பூசாரி – நீ
சுற்றாத சுற்று உண்டோ, சொல்லு செக்குமாடே!

கண்ணிலே பட்டை கட்டி நுகத்தடியில் பூட்டினார் – கோயிலில்
கண்ணை மூடிச் சுற்றுவதும் அதுதானே செக்குமாடே!

ஒரு மலையில் வெட்டிய கல் உரலாச்சு, சாமியாச்சு;
உரல் கக்கும் எண்ணெயைச் சாமி குடிக்கும் செக்குமாடே!

கொத்திய உளி ஒன்று, கல்தச்சன் ஒருத்தன் – நடுவில்
எத்தன் வந்து மணியாட்ட எட்டி நின்றான் தச்சன் செக்குமாடே!

படி எண்ணெய் காப்பென்று கல் தலையில் ஊற்றினார் – பிள்ளை
முடியெல்லாம் செம்பட்டை, முழுக்காட்ட நாதியில்லை செக்குமாடே!

ஆட்டிய கை தீட்டென்று வாசலிலே நிறுத்தினார் – அவன்
ஆட்டிய எண்ணெய் மட்டும் கருவறைக்குள் போகுதே செக்குமாடே!

தோல் தொட்டால் தீட்டென்று துண்டோடு முழுகுவான் – உன் பாட்டன்
தோல் தட்டித்தானே சாமி துயிலெழுவார் செக்குமாடே!

ஐந்து பொருள், பால் தயிர் நெய், சாணமொடு கோமியம் – பசுவின்
ஐந்துமே அமிர்தமென்று அள்ளிக் குடிப்பான் செக்குமாடே!

பையப் பைய நீ நடந்து பாதையிலே பெய்தாலோ,
"ஐயையோ மிதித்தேன்" என்று அலறுவான் செக்குமாடே!

நெய்யெல்லாம் நெருப்புக்கு, நீறெல்லாம் நெற்றிக்கு;
பொய் சொல்லா வயிறு மட்டும் புகை குடிக்குது செக்குமாடே!

அரசஞ் சமித்தடுக்கி ஆயிரம் சுவாகா சொன்னான் – வாசலில்
வரிசை நின்ற பிள்ளை சோறு கேட்டால் விரட்டினான் செக்குமாடே!

மூன்று பட்டை நீறு, மும்மலமும் சுட்டதாம் – சுட்டது
சான்று சொல்லும் சாண வறட்டி ஒன்றேதான் செக்குமாடே!

நூற்றெட்டு மணியுருட்டி நுனிவிரல் தேய்ந்தது – வட்டி
நூற்றுக்குப் பத்தென்று நாவுருட்டும் செக்குமாடே!

காசிக்கு நடந்தவன் காலெல்லாம் கொப்புளம் – கங்கையில்
ஆசையை விடச் சொன்னால் பாகற்காய் விட்டு வந்தான் செக்குமாடே!

பல்லி விழுந்த பலனுக்குப் பத்துப் பணம் கொடுத்தான் – பாக்கி
இல்லையென்று கூலிக்காரன் கணக்கை மறுத்தான் செக்குமாடே!

எள்ளும் தண்ணீரும் ஆற்றிலே இறைத்தார் – அந்த
எள்ளை நம் உரலில் இட்டால் இருட்டுக்கு ஆகும் செக்குமாடே!

செத்தபின் பிண்டம் மூன்று, திதிதோறும் காக்கைக்கு;
பெத்தவள் கேட்ட கஞ்சி பின்னேரமும் வரவில்லை செக்குமாடே!

குடத்தைப் புளியிட்டுப் புறமெல்லாம் துலக்கினார் – மூக்கைக்
குடைந்து எடுக்குதே உள்ளே காறல் நாற்றம் செக்குமாடே!

சிரித்தது போதுமடா, சித்தன் செக்கு வேறேயடா;
விரித்துச் சொன்னால் வெட்டவெளி, விடுகதையாய்க் கேள் செக்குமாடே!

உரலுக்கு இதழ் நாலு, உலக்கைக்குக் கணு ஆறு;
விரல் ஐந்தும் தொடாமலே அரைபடுமாம் செக்குமாடே!

இடம் ஒன்று வலம் ஒன்று இரண்டு மாடு சுற்றும் – நடு
நடைபாதை புல் முளைத்து நாளாச்சே செக்குமாடே!

மூன்றரைச் சுற்றுச் சுற்றி மூலையில் கிடப்பவளை
ஊன்றி எழுப்பாமல் ஊர் சுற்றினாய் செக்குமாடே!

ஒன்பது பொத்தலுள்ள பானை உன் பானை
என்பது அறியாமலே எண்ணெய் பிடித்தாய் செக்குமாடே!

எட்டும் இரண்டும் பத்தென்பான் ஏட்டுக் கணக்கப்பிள்ளை;
எட்டு வாய் திறக்கும், இரண்டு வாய் குவிக்கும் செக்குமாடே!

முட்டியதும் உதடிரண்டும் மூன்றாவது மூடிக்கொள்ளும் – அதை
எட்டாயிரம் உருப்போட்டும் எட்டவில்லை அவனுக்குச் செக்குமாடே!

நாழிகைக்கு முந்நூற்று அறுபது சுற்று, நாளுக்கு நாழிகை அறுபது;
கூழுக்கும் நிற்காது, கூட்டிப் பார் செக்குமாடே!

பன்னிரண்டு விரல் போகும், எட்டுத்தான் திரும்பும்;
பின்னே நாலு எங்கே போச்சு? பிண்ணாக்கா சொல் செக்குமாடே!

நாலு விரல் நட்டத்துக்கு நவக்கிரகம் சுற்றினான் – சுற்றும்போதே
மேலும் நாலு எழுதினானே எமன் கணக்கன் செக்குமாடே!

இடம் வாங்கப் பதினாறு, உள் நிறுத்த அறுபத்து நாலு, வலம்
விட முப்பத்திரண்டென்று வீம்பு செய்யாதே செக்குமாடே!

தொடங்கும் நாள் வாங்கு நாலு, நிறுத்து பதினாறு, விடு எட்டு;
அடங்கிய பின்னேதான் அளவேற்று செக்குமாடே!

களித்து வயிறு முட்டத் தின்று மூக்கைப் பிடித்தான் – வந்த
புளித்த ஏப்பத்தைப் புருவ நடு ஓசையென்றான் செக்குமாடே!

எள்ளுக்குக் கருப்பட்டி சேராமல் ஆட்டினால் – எண்ணெய்
தள்ளாது பிண்ணாக்கை, தனித்து வராது செக்குமாடே!

தண்ணீர் கைதவறித் தாராளம் தெளித்தால் – அந்த
எண்ணெய் நுரை கக்கி இருப்பில் காறும் செக்குமாடே!

விரட்டி ஓட்டினால் உலக்கை சூடேறும், எள்ளை
உரலிலே கருக்கிவிடும், மூச்சும் அதே செக்குமாடே!

கருப்பட்டி எதுவென்று காதோடு கேட்டால், உள்
உருக்கமடா, அதில்லாமல் ஒரு சொட்டும் ஊறாது செக்குமாடே!

உச்சிக் குடத்திருந்து ஒழுகுமாம் ஓர் எண்ணெய் – நாக்கை உள்
மச்சுவரை ஏற்றினவன் மறுபடி பசிக்கான் செக்குமாடே!

கேட்டுத் தலையாட்டினாய், கழுத்து மணி குலுங்கிற்று;
பூட்டாங்கயிற்றை மட்டும் புதுசாக்கச் சொன்னாயே செக்குமாடே!