விடுதிப் பதிவேடுகளைக் கணினித் தரவுத்தளத்துக்குப் படிப்படியாக மாற்றுவதற்கான முன்மொழிவு

நாள்: 02.03.2026

அனுப்புநர்: துணைக் காப்பாளர், மாணவியர் விடுதி (உதவிப் பேராசிரியர், கணினி அறிவியல் துறை)

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்

பொருள்: 2026-27 கல்வியாண்டு முதல் விடுதிப் பதிவேடுகளைக் கணினியில் பராமரிக்க அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். விடுதியில் இப்போது 208 மாணவியர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய விவரங்கள் சேர்க்கைப் பதிவேடு, அறைப் பதிவேடு, இரவு வருகைப் பதிவேடு, அவுட்பாஸ் நோட்டு, மெஸ் பதிவேடு, காஷன் டெபாசிட் பதிவேடு என்று ஆறு இடங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. ஒரு மாணவி அறை மாறினால் அறைப் பதிவேட்டில் திருத்துகிறோம். வருகைப் பதிவேட்டில் அவர் பழைய அறைக்கு எதிரிலேயே இருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு ஒரு அப்பா போன் செய்து, "பொண்ணு ஊருக்குக் கிளம்பிட்டாளா, ஹாஸ்டல்லதான் இருக்காளா?" என்று கேட்டால், மூன்று நோட்டுகளைப் புரட்டாமல் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் நிச்சயமான பதில் கிடைக்க வேண்டும். இந்த முன்மொழிவின் முதல் நோக்கம் அதுதான்.

எக்செல் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். பட்டியல் அச்சடிக்க அது போதும். ஆனால் யாராவது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டால், ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே இன்னொருவரின் வீட்டு எண் வந்து நிற்கும். அது யார் கண்ணிலும் படாது. ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு எழுதினாலும் எக்செல் தானாகத் தடுக்காது. தரவுத்தளத்தில் ஒரு விதி எழுதிவைத்தால் போதும், அது மறுத்துவிடும். விலைக்கு விற்கும் விடுதி மென்பொருள்களும் நமக்குத் தேவையில்லை. அவற்றின் பாதி வசதிகளை நாம் தொடவே மாட்டோம், ஆண்டுச் சந்தா மட்டும் தொடரும். SQLite என்ற இலவசத் தரவுத்தளம் போதுமானது. எல்லாத் தகவலும் ஒரே கோப்பில் இருக்கும். தனி சர்வர் வேண்டாம். காப்பாளர் அறையில் இப்போது இருக்கும் கணினியிலேயே ஓடும். பதிவு செய்யும் திரைகளை எங்கள் துறையிலேயே எழுதிக்கொள்ளலாம்.

முதல் கட்டம் (ஏப்ரல் - ஜூன்): யார், எந்த அறை

விடுதியில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. அடையாளம் பெயர் அல்ல, பதிவு எண். நம் விடுதியில் ஐந்து பிரியாக்கள் இருக்கிறார்கள். அதில் இருவருக்கு இனிஷியலும் ஒன்றே. இனிஷியலை ஒரு பதிவேட்டில் முன்னால் எழுதியிருக்கிறோம், இன்னொன்றில் பின்னால். இதைச் சரிசெய்வதுதான் இந்தக் கட்டத்தின் பெரும்பாலான வேலை. கணினி வேலை அப்புறம்தான். அலுவலகத்தில் உள்ள பழைய பட்டியல்கள் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அப்படியே ஒட்டினால் பெயர்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும்.

அறை ஒதுக்கீட்டில் "எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை" என்று எழுதுவோம். அறை மாறினால் பழைய வரி அழியாது. ஆண்டு முடிவில் உடைந்த மின்விசிறிக்கோ அலமாரிக்கோ யார் காஷன் டெபாசிட்டில் பிடிப்பது என்ற தகராறு அதோடு தீரும். ராகிங் தடுப்புக்கான 2009 யு.ஜி.சி. விதிமுறைப்படி வாங்கும் உறுதிமொழிப் பத்திரங்கள் வந்துவிட்டனவா என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். பத்திரம் காகிதமாகவே கோப்பில் இருக்கும்.

முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளை உள்ளிட வேண்டாம் என்பது என் கருத்து. அவை பீரோவில் பத்திரமாக இருந்தால் போதும். இப்படிப்பட்ட திட்டங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் பழையதை எல்லாம் ஏற்றப் பார்ப்பதால்தான்.

இரண்டாம் கட்டம் (ஜூலை - செப்டம்பர்): அவுட்பாஸும் இரவு வருகையும்

கேட்டில் கணினி வைக்கும் எண்ணம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அறுபது பேர் பையோடு நிற்கும்போது வாட்ச்வுமன் அக்காவால் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. அவுட்பாஸ் சீட்டு, நோட்டு, கையெழுத்து மூன்றும் இப்போது போலவே தொடரும். எட்டு மணி வருகைக் கணக்கு முடிந்ததும் விடுதி எழுத்தர் அன்றைய வரிகளைக் கணினியில் ஏற்றுவார். ஒன்பது மணிக்குள் "வெளியே சென்று திரும்பாதவர்கள்" பட்டியலும், "அவுட்பாஸ் இல்லாமல் வருகையில் விடுபட்டவர்கள்" பட்டியலும் தனித்தனியாகக் கிடைக்கும். இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். இப்போது அது நம்மிடம் இல்லவே இல்லை.

மூன்றாம் கட்டம் (அக்டோபர் - ஜனவரி): மெஸ் பில்

மாணவியர் முதலில் கேட்பது இதைத்தான். தெரிந்தேதான் கடைசியில் வைத்திருக்கிறேன். நம்முடையது டிவைடிங் முறை. மாதச் செலவு 4,68,000 ரூபாய், எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டல் 5,200 என்றால் ஒரு நாள் 90 ரூபாய். ஒருவருக்கு மெஸ் குறைப்பு விடுபட்டால் தவறு அவரோடு நிற்காது. நாட்களின் கூட்டல் மாறும், அதனால் 208 பேரின் பில்லும் மாறும். அவுட்பாஸ் பதிவு சுத்தமாக ஓடாமல் மெஸ் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தால், பழைய குழப்பத்தையே வேகமாகக் கணக்கிடும்.

நவம்பரில் மழைக்கு ஆட்சியர் திடீர் விடுமுறை அறிவிப்பார். காலையிலேயே பாதி விடுதி ஊருக்குக் கிளம்பிவிடும். மெஸ் குறைப்புக்கு முன்கூட்டியே எழுதித்தர வேண்டும் என்ற விதி அன்று செல்லாது. அப்படிப்பட்ட மாதத்திலும் கையால் போட்ட பில்லும் கணினி பில்லும் பைசா சுத்தமாக ஒத்துவந்தால்தான் நம்பலாம். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டையும் சேர்த்தே போடுவோம். ஒத்துவந்தால் ஜனவரி பில் கணினியில். இல்லாவிட்டால் தள்ளிப்போடுவோம், அவசரமில்லை. தணிக்கைக்கு மாதந்தோறும் அச்செடுத்து, கையொப்பமிட்டு, தைத்து வைப்போம்.

பாதுகாப்பு பற்றி

இது மாணவியர் விடுதி. வீட்டு முகவரியும் போன் எண்ணும் வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கணினியை இணையத்தோடு இணைக்க வேண்டாம். ஆதார் எண்ணை ஏற்றவே வேண்டாம். விடுதி நடத்த அது தேவைப்படவில்லை. காப்பாளர், நான், எழுத்தர் ஆகிய மூவருக்குத் தனித்தனிக் கடவுச்சொல். பி.சி.ஏ. மாணவியர் திரைகளை எழுத உதவலாம், ஆனால் கற்பனைப் பெயர்களை வைத்துத்தான். உண்மைப் பதிவுகளை அவர்கள் பார்க்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. முதலாண்டில் சேர்பவர்களில் பலருக்கு 17தான். எனவே சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் ஒப்புதலுக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.

தினமும் இரவு ஒரு நகல் வெளி வன்தட்டில் எடுப்போம். வாரம் ஒரு நகல் தங்கள் அலுவலக பீரோவுக்கு வரும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்ப்போம்; திறக்காத நகலால் பயனில்லை.

செலவு

வெளி வன்தட்டு இரண்டு, 10,000 ரூபாய். யு.பி.எஸ். ஒன்று, 4,000 ரூபாய். காகிதம், டோனர் 2,000 ரூபாய். மொத்தம் 16,000 ரூபாய். எழுத்தருக்குத் தினமும் முக்கால் மணி நேரம் கூடுதல் வேலை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஈடாக, மாதம் இருமுறை கையால் எழுதும் அறைவாரிப் பட்டியலிலிருந்து அவரை விடுவிக்கலாம்.

இப்போதைக்கு முதல் கட்டத்துக்கு மட்டும் அனுமதியும், 16,000 ரூபாயை விடுதிப் பராமரிப்புக் கணக்கிலிருந்து எடுக்க ஒப்புதலும், சேர்க்கைப் படிவ மாற்றத்துக்கு ஆணையும் வேண்டுகிறேன். படிவம் மே மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் பெற்றோர் ஒப்புதல் பத்தி சேர்ந்தாக வேண்டும். அடுத்த கட்டங்களுக்கு, முந்தைய கட்டத்தின் நிலையைக் காட்டி மீண்டும் தங்களிடம் வருவேன். தாங்கள் நேரம் ஒதுக்கினால் மாதிரித் திரைகளை மடிக்கணினியில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணைக் காப்பாளர், மாணவியர் விடுதி

நகல்: விடுதிக் காப்பாளர், கணினி அறிவியல் துறைத் தலைவர்