ஒற்றைத் தள வீடு: முதல் வரைபடத்தோடு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா, அண்ணி,

முதல் வரைபடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திறந்து பார்த்ததும் நீங்கள் கேட்டதைவிட வீடு சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். நான்கு படுக்கையறை, 2,200 சதுர அடி என்று எழுதியிருந்தீர்கள். நான் போட்டிருப்பது 1,250 சதுர அடி. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு உங்களுடையது.

அண்ணாவுக்கு இப்போது 63 வயது. இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷமாவது இருக்கப் போகிறீர்கள். இன்றைக்கு உங்கள் இருவருக்கும் எது வசதி என்று பார்த்து நான் வரையவில்லை. எண்பது வயதில், ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்குப் பார்வை மங்கல் என்று இருக்கும்போதும் யாரையும் கூப்பிடாமல் நடமாட முடிய வேண்டும் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு கோடும் போட்டேன். பெரிய வீட்டைக் கூட்டுவதே அப்போது ஒரு வேலை. பிள்ளைகள் வருஷத்தில் சில வாரம் வந்து தங்குவதற்காக இரண்டு அறைகளை மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக முன்பக்கம் ஓர் அறை, அதற்குத் தனி வாசல், தனிக் குளியலறை. பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு. பின்னாளில் உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டால் அவர் தங்கவும் அதுவே.

இந்தத் திட்டத்தில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது வாசலுக்குத்தான். மழைத் தண்ணீர் வந்துவிடக் கூடாது, பேஸ்மெண்டை மூன்றடி உயர்த்து என்று அண்ணா சொன்னார். நியாயமான கவலைதான். ஆனால் மூன்றடி என்றால் ஆறு படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்றடிக்கு 36 அடி, நடுவில் இளைப்பாற ஒரு சமதளம் வேறு. நம் மனையில் கேட்டிலிருந்து வீட்டுக்கு இருப்பது 25 அடிதான்.

பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். பலத்த மழையிலும் சாலையில் அரை அடிக்கு மேல் தண்ணீர் நின்றதில்லையாம். அதனால் சாலையிலிருந்து இரண்டடி உயரம் போதும் என்று வைத்திருக்கிறேன். கேட்டிலிருந்து பாதை நேராகப் போகாமல் 25 அடி போய், திரும்பி இன்னொரு 15 அடி போகிறது. மொத்தம் 40 அடியில் இரண்டடி ஏற்றம். இருபதடிக்கு ஓரடிதான் என்பதால் ஏறுகிறோம் என்றே காலுக்குத் தெரியாது. ஒரு பக்கம் கைப்பிடி, இரு பக்கமும் செடி. இதைப் பார்த்து யாரும் ஆஸ்பத்திரி வாசல் என்று நினைக்கப் போவதில்லை. அவசரமாக ஏறுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நான்கு படிகள். பாதைக்காகக் கொட்டும் மண் வீட்டுச் சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கிறேன். தொட்டால் ஈரமும் கரையானும் சுலபமாக உள்ளே வந்துவிடும்.

உள்ளே எங்கும் படி கிடையாது, நிலைவாசலிலும் தடுக்கும் கட்டை கிடையாது. கதவுகள் எல்லாம் மூன்றடி அகலம், நடை நான்கடி.

அடுத்து உங்கள் குளியலறை. தயவுசெய்து இதை மட்டும் சுருக்கச் சொல்லாதீர்கள். ஏழுக்கு ஒன்பது அடி கொடுத்திருக்கிறேன். சக்கர நாற்காலி உள்ளே முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், அது கிடைக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகை. குளிக்கும் இடத்துக்குத் தடுப்புச் சுவரோ பள்ளமோ இல்லை. தரையே மெல்லச் சரிந்து தண்ணீரை மூலைக்குக் கொண்டுபோகும். கமோட் சாதாரண அளவைவிடச் சற்று உயரம், 18 அங்குலம், முட்டி மடங்காதபோது எழுந்திருக்கும் சிரமம் குறையும். கைப்பிடிகளை இப்போதே மாட்ட வேண்டாம், அண்ணிக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் அவை வரப்போகும் இடத்தில் வெற்றுச் செங்கல்லுக்குப் பதிலாகக் கான்கிரீட் பட்டை போட்டுவிடலாம். என்றைக்கு மாட்டினாலும் முழு உடம்பின் எடையைத் தாங்கும். டைல்ஸை நனைத்து, வெறுங்காலால் நடந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் பளபளப்பாக இருப்பது வேண்டாம்.

படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையை ஒட்டிச் சின்ன விளக்குகள் வரும். வயதாக ஆகக் கண்ணுக்கு அதிக வெளிச்சம் வேண்டும், கூச்சமும் அதிகமாகும். அதனால் ஒரே பெரிய விளக்குக்குப் பதில் பல இடங்களில் மிதமான விளக்குகள். பிளக் பாயிண்டுகள் எல்லாம் அதிகம் குனியாமல் எட்டும்படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்.

ஒற்றைத் தளத்தில் ஒரு சங்கடம் உண்டு, வீடு முழுவதும் கூரைக்கு நேர் கீழே இருக்கும். மேலே ஒரு மாடி இருந்தால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். இங்கே கூரை ஸ்லாபே வாங்கி, இரவில் உள்ளே விடும். அதனால் ஸ்லாபுக்கு மேல் வெப்பத் தடுப்புப் பலகை, அதன்மேல் வெள்ளைத் தளம். உங்கள் படுக்கையறையை மேற்கில் வைக்காமல், ஸ்டோரும் துணி துவைக்கும் இடமும் அந்தப் பக்கம் போகும்படி செய்திருக்கிறேன்.

பின்னால் மாடி கட்டினாலும் கட்டலாம், பில்லரை அதற்கேற்பப் போட்டுவை என்றார் அண்ணா. மண் பரிசோதனை முடிவு வந்ததும் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசலாம். என் எண்ணம், வேண்டாம். அந்தப் பணம் கூரைக் காப்புக்கும் நல்ல ஜன்னல்களுக்கும் போனால் தினமும் பலன் தெரியும். மொட்டை மாடிக்கு ஏணிப்படி வெளியே இருக்கும், ஆனால் நீங்கள் ஏற வேண்டியிருக்காது. தொட்டியின் வால்வுகளை எல்லாம் கீழே, இடுப்பு உயரத்தில் கொண்டுவந்துவிடுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வெளிநாடு போகும்போது, முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரே வால்வையும் ஒரே மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கிளம்பலாம்.

நீங்கள் இப்போது இருக்கும் வீட்டிலிருந்து கொண்டுவரப் போகும் சாமான்களின் அளவு எனக்கு அவசரமாக வேண்டும். அந்த எட்டுப் பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலியை இழுத்து உட்கார, நான்கு பக்கமும் மூன்றடி விட வேண்டும். அது வரைபடத்தில் இப்போது பொருந்தவில்லை. மேஜையை விட்டுவிட்டு வருவதா, கூடத்தை நீட்டுவதா, சொல்லுங்கள். மின் சாதனங்களில் எந்த வோல்டேஜ் என்று பின்பக்கம் எழுதியிருக்கும், அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

வேலை நடக்கும்போது ஒரே முறைதான் வர முடியும் என்றால் அஸ்திவாரத்துக்கு வர வேண்டாம். சுவர் எழும்பி, பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் வாருங்கள். அறைக்குள் நின்று சுவிட்ச் எங்கே, கட்டில் எங்கே என்று சாக்பீஸால் குறித்துவிடலாம். சுவருக்குள் போகும் குழாயையும் ஒயரையும் மூடுவதற்கு முன் டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து நான் அனுப்பிவிடுவேன். பின்னாளில் ஆணி அடிக்க அது உதவும்.

அண்ணி, சமையல் மேடை உயரத்தை 33 அங்குலம் என்று போட்டிருக்கிறேன். இப்போது நீங்கள் வேலை செய்யும் மேடையை அளந்து, தோள் வலிக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று சொன்னால் அதற்கேற்ப மாற்றுகிறேன். ஒரு பகுதியை உட்கார்ந்து காய் நறுக்கும்படி தாழ்வாகவும் வைக்கலாம்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வந்தால், இரண்டாவது வரைபடத்தை முடித்து அனுமதிக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
தம்பி