ஒளிவினையும் கால்வின் சுழற்சியும்: மேல்நிலை முதலாம் ஆண்டு தாவரவியல் பாடக்குறிப்பு

மேலூர்ப் பக்கத்துக் கண்மாயிலிருந்து பறித்து வந்த வேலம்பாசியை, நீர் நிறைந்த முகவையில் புனலால் மூடிச் சென்ற வாரம் ஆய்வக ஜன்னலோரம் வைத்தோம். வெயில் பட்டதும் தண்டின் வெட்டு முனையிலிருந்து குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியதையும், முகவையை நிழலுக்கு நகர்த்தியதும் அவை குறைந்ததையும் கண்டீர்கள். அந்த ஆக்சிஜன் நீரிலிருந்து வந்ததே தவிர, கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்ததன்று.

பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் ஒளிவினை நடைபெறுகிறது. இரண்டாம் ஒளித்தொகுப்பின் வினை மையமான பி680 ஒளியை ஏற்று எலக்ட்ரானை இழக்கிறது; அவ்விழப்பை ஈடுசெய்ய இரண்டு நீர் மூலக்கூறுகள் பிளவுற்று நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறையும் தருகின்றன. வெளியேறிய எலக்ட்ரான் பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம் பி6எஃப் கூட்டமைப்பு, பிளாஸ்டோசயனின் வழியாக முதலாம் ஒளித்தொகுப்பின் பி700 மையத்தை அடைந்து, அங்கு மீண்டும் ஒளியால் கிளர்வுற்று, ஃபெரிடாக்சின் வழியே சென்று என்ஏடிபி+ ஐ என்ஏடிபிஎச் ஆக ஒடுக்குகிறது.

இந்தப் பயணத்தின்போதே ஸ்ட்ரோமாவிலிருந்து புரோட்டான்கள் தைலகாய்டின் உட்புறத்திற்குக் கடத்தப்படுகின்றன. நீர் பிளவுறுவதால் வரும் புரோட்டான்களும் அங்கேயே சேர்வதால், மடை அடைத்த வாய்க்காலில் நீர் ஏறுவதுபோல உட்புறத்தில் அவற்றின் செறிவு உயர்கிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்னும் மடை வழியாக ஸ்ட்ரோமாவுக்குத் திரும்பும்போது ஏடிபி உருவாகிறது.

ஸ்ட்ரோமாவில் நிகழும் கால்வின் சுழற்சியை ‘இருள்வினை’ என்று அழைப்பதால், அது இரவில் நடப்பதாகப் பலர் விடைத்தாளில் எழுதிவிடுகிறீர்கள். அப்பெயரே எனக்கு உடன்பாடில்லை. இதற்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதுதான் பொருள். ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் ஒளிவினையிலிருந்தே கிடைப்பதாலும், ருபிஸ்கோ உள்ளிட்ட நொதிகள் ஒளியால் தூண்டப்படுவதாலும், இச்சுழற்சி பயிர்களில் பகலில்தான் நடைபெறுகிறது.

மூன்று கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளை வைத்துக் கணக்கிட்டால் எளிதில் விளங்கும். ருபிஸ்கோ நொதி அவற்றை ஐந்து கார்பன் கொண்ட மூன்று ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுகளுடன் இணைக்க, மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம் ஆறு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. 6 ஏடிபியும் 6 என்ஏடிபிஎச்சும் செலவாகி, அவை கிளிசரால்டிஹைடு பாஸ்பேட்டாக ஒடுக்கப்படுகின்றன. இந்த ஆறில் ஒன்று மட்டுமே சர்க்கரை, தரச உற்பத்திக்குப் போகிறது. எஞ்சிய ஐந்தும், அதாவது 15 கார்பன்களும், மேலும் 3 ஏடிபி செலவில் மூன்று ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுகளாக மீளுருவாகின்றன. ஆகவே மொத்தச் செலவு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஎச். ஒரு குளுக்கோஸுக்கு இதன் இருமடங்கு.

கார்பன்-14 கொண்டு இப்பாதையைத் துலக்கியதற்காக மெல்வின் கால்வின் 1961-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ருபிஸ்கோ ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் என்பதால், சித்திரை வெயிலில் நெற்பயிர் ஒளிச்சுவாசத்தில் கார்பனை இழக்கிறது. பக்கத்து வயலின் கரும்பு அவ்வளவாக இழப்பதில்லை. அதற்கான காரணத்தை சி4 வழித்தடப் பாடத்தில் காண்போம்.